இணையக் கருத்தரங்கு அழைப்பிதழில் பிழை எங்கே? அறிகுறியைப் பார்த்துத் திருத்தும் வழிமுறை

பல நாடுகளுக்குப் போகும் அழைப்பிதழில் உள்ள பிழை அதை எழுதியவர் கண்ணில் படுவதில்லை. தலைப்பு எதைப் பற்றியது, நேரம் யாருடைய கடிகாரத்தில், வருகிறவர் எதைக் கற்றுப் போவார் என்பதெல்லாம் அவருக்கு முன்பே தெரியும். படிக்கும்போது விடுபட்டதை அவர் மனமே நிரப்பிக்கொள்கிறது. பிழை வெளிப்படுவது பெற்றவர்களின் கேள்விகளில்தான். ஆகவே அந்தக் கேள்விகளிலிருந்தே தொடங்கி, ஒவ்வொன்றுக்கும் காரணத்தையும் திருத்தத்தையும் பார்க்கலாம்.

தன்னார்வக் குழு ஒன்று, வீட்டில் கிடக்கும் பழைய கடிதங்களையும் படங்களையும் கைபேசியில் ஸ்கேன் செய்து பாதுகாப்பது பற்றி இரண்டு அமர்வுகள் நடத்துவதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் அமர்வும் ஒன்றேகால் மணி நேரம். நடத்துபவர் சென்னையில் இருக்கிறார். அழைப்பு யாழ்ப்பாணம், சிங்கப்பூர், கோலாலம்பூர், லண்டன், டொராண்டோ, சிட்னி ஆகிய ஊர்களுக்குப் போகிறது. செப்டம்பர் தொடக்கத்தில் எழுதப்பட்ட வரைவு இது:

> வேர்களைத் தேடி: மின்னணு யுகத்தில் நம் நினைவுகளும் மரபும்
>
> உலகெங்கும் வாழும் தமிழ்ச் சொந்தங்களே, வருக!
>
> நாள்: 31/10/2026 மற்றும் 07/11/2026
>
> நேரம்: மாலை 6.30 `IST` (லண்டன் 2.00, டொராண்டோ 9.00, சிங்கப்பூர் 9.00, சிட்னி 11.00). இரண்டு அமர்வுகளும் இதே நேரத்தில் நடைபெறும்.
>
> பயன்: மரபைக் காப்பது குறித்த விழிப்புணர்வும் பயனுள்ள பல தகவல்களும் பெறலாம்.
>
> கட்டணம்: ரூ. 200

பார்வைக்கு ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் இதை இப்படியே அனுப்பினால் லண்டனில் இருப்பவருக்கு முதல் அமர்வின் கடைசிக் கால் மணி நேரம்தான் மிஞ்சும்.

அனுப்புவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். பட்டியலில் உள்ள ஒவ்வொரு நேர மண்டலத்திலும் ஒருவருக்கு வரைவை அனுப்பி, மூன்று கேள்விகள் கேளுங்கள். இது எதைப் பற்றியது? உங்கள் ஊரில் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு? முடிந்ததும் உங்களால் என்ன செய்ய முடியும்? "தெளிவாக இருக்கிறதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லோரும் ஆமாம் என்பார்கள். தவறான நேரத்தை மனத்தில் வைத்திருப்பவரும் ஆமாம் என்றுதான் சொல்வார். வரும் பதில்கள்தான் கீழே உள்ள அறிகுறிகள்.

அறிகுறி 1: நேரம் சரியாக ஒரு மணி நேரம் பிசகுகிறது

நேரத்தைப் பற்றிய பதில்களில் முதலில் வித்தியாசத்தின் அளவைப் பாருங்கள். காரணம் பெரும்பாலும் அந்த அளவிலேயே இருக்கும். ஒரு மணி நேரம் என்றால் கோடைக்கால நேர மாற்றம், அதாவது சில நாடுகள் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தி வைப்பது. அரை மணி நேரம் என்றால், இந்திய நேரம் உலகப் பொது நேரத்தைவிட முந்தியிருக்கும் ஐந்தரை மணியை யாரோ ஐந்து அல்லது ஆறு என்று கணக்கிட்டிருக்கிறார். பன்னிரண்டு மணி நேரம் என்றால் காலையா இரவா என்று எழுதவில்லை. முழு நாளே பிசகினால் நள்ளிரவோ தேதி எழுதிய முறையோ காரணம். அந்த ஊருக்கும் இந்தியாவுக்கும் உள்ள இடைவெளி அப்படியே பிசகினால், அவர் இந்திய நேரத்தைத் தம் ஊர் நேரமாகவே எடுத்துக்கொண்டிருக்கிறார்.

நம் வரைவில் லண்டனுக்கு 2.00 என்று இருக்கிறது. எழுதியவர் செப்டம்பரில் கைபேசியின் உலகக் கடிகாரத்தைத் திறந்து பார்த்திருப்பார். அன்று சென்னையில் மாலை 6.30 என்றால் லண்டனில் பிற்பகல் 2.00 மணிதான். அந்தக் கடிகாரம் பொய் சொல்லவில்லை. ஆனால் அது காட்டுவது இன்றைய வித்தியாசத்தை, நிகழ்ச்சி நாளின் வித்தியாசத்தை அல்ல. பிரிட்டனில் கோடைக்கால நேரம் அக்டோபரின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, அதாவது 2026-இல் 25-ஆம் தேதி, முடிகிறது. 31-ஆம் தேதி சென்னையின் 6.30 அங்கே பிற்பகல் 1.00 மணி. வரைவை நம்பியவர் 2.00 மணிக்கு வருவார், 2.15-க்கு அமர்வு முடிந்துவிடும்.

சிட்னியில் இதன் மறுபக்கம். அங்கே அக்டோபரின் முதல் ஞாயிறு, 4-ஆம் தேதி, கோடைக்கால நேரம் தொடங்குகிறது. செப்டம்பரில் இரவு 11.00 என்று தெரிந்தது அக்டோபர் இறுதியில் நள்ளிரவு 12.00 ஆகிவிடும். வரைவை நம்பியவர் ஒரு மணி நேரம் முன்பே வந்து வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டு இருப்பார். பிரிஸ்பேனில் இருப்பவருக்கோ 11.00 மணி சரி. குயின்ஸ்லாந்து மாநிலம் கடிகாரத்தை மாற்றுவதில்லை. "ஆஸ்திரேலியா இரவு 11.00" என்று நாட்டின் பெயரால் எழுதுவது ஏன் தவறு என்பதற்கு இதுவே போதும். நாட்டை எழுதாதீர்கள், ஊரை எழுதுங்கள்.

டொராண்டோவின் சிக்கல் இன்னும் நுட்பமானது. வட அமெரிக்காவில் கடிகாரம் மாறுவது நவம்பரின் முதல் ஞாயிறு, 2026-இல் 1-ஆம் தேதி. முதல் அமர்வு அதற்கு முந்தைய நாள். அன்று டொராண்டோவில் காலை 9.00 என்பது சரியே. இரண்டாவது அமர்வு மாற்றத்துக்குப் பின் வருகிறது; அப்போது சென்னையின் 6.30 அங்கே காலை 8.00. "இரண்டு அமர்வுகளும் இதே நேரத்தில்" என்ற வரி சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் லண்டனுக்கும் உண்மை, டொராண்டோவுக்கு மட்டும் உண்மையில்லை. முதல் அமர்வுக்குச் சரியாக வந்தவரே இரண்டாவதைத் தவறவிடுவார். எனக்கு இதுதான் மிகவும் வருத்தம் தரும் வகை, ஏனென்றால் அவர் ஆர்வத்தோடு திரும்பி வந்தவர்.

திருத்தும் முறை இது. ஆண்டில் இரண்டு காலங்களில் கூடுதல் கவனம் வையுங்கள்: மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் ஏப்ரல் முதல் ஞாயிறு வரை, அக்டோபர் முதல் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை. இந்த வாரங்களில் வட அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா மூன்றும் வெவ்வேறு நாள்களில் மாறுகின்றன. நேரத்தை விரல் விட்டுக் கூட்டாதீர்கள். `timeanddate.com` போன்ற தளத்தில் ஊர்களோடு நிகழ்ச்சியின் தேதியையும் கொடுத்துப் பாருங்கள். தொடர் அமர்வுகள் என்றால் ஒவ்வொரு தேதிக்கும் தனியாகப் பாருங்கள். முதல் தேதியின் விடையை அடுத்ததற்கு எடுத்தெழுத வேண்டாம்.

தொடர் அமர்வில் எந்த ஊரின் கடிகாரம் அடிப்படை என்பதையும் முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். சென்னையின் 6.30 நிலையானது என்றால் டொராண்டோவில் நேரம் நகரும். நடத்துபவர் டொராண்டோவில் இருந்து, காலை 9.00 நிலையானது என்றால், நவம்பரில் சென்னைக்காரருக்கு 6.30 என்பது 7.30 ஆகும். இரண்டும் சரியான முடிவுகளே. எதுவென்று சொல்லாமல் விடுவதுதான் தவறு.

அறிகுறி 2: "`IST` என்றால் எங்கள் நேரம்தானே?"

டப்ளினில் இருப்பவர் இப்படிக் கேட்டால் அவர் மீது குறை இல்லை. அயர்லாந்தின் கோடைக்கால நேரத்துக்கும் இஸ்ரேலின் நேரத்துக்கும் இதே மூன்றெழுத்துதான். `BST` என்பது பிரிட்டனின் கோடைக்கால நேரத்தையும் குறிக்கும், வங்கதேச நேரத்தையும் குறிக்கும். வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் குளிர்கால நேரத்தைக் குறிக்கும் `EST` நிலை இன்னும் மோசம். கோடையிலும் பழக்கத்தால் அதையே எழுதுகிறார்கள். எழுத்தை நம்பிக் கணக்கிட்டவர் ஒரு மணி நேரம் பிசகுவார்.

சுருக்கக் குறியை நீக்கிவிட்டு "சென்னை, யாழ்ப்பாணம்: மாலை 6.30" என்று எழுதுங்கள். இந்தியாவும் இலங்கையும் ஒரே நேரத்தில் இருப்பதால் ஒரே வரி போதும். சிங்கப்பூரும் கோலாலம்பூரும் அப்படியே. பட்டியலில் இல்லாத ஊர்க்காரருக்காக உலகப் பொது நேரத்தைக் கடைசி வரியாகக் கொடுங்கள்: `13:00 UTC`. அதைப் பலர் படிக்க மாட்டார்கள். ஆனால் ஆஸ்லோவிலோ துபாயிலோ இருந்து கணக்கிட விரும்புபவருக்கு அதுதான் பிடி.

காலை, பிற்பகல், மாலை, இரவு என்ற சொற்களை ஒவ்வொரு வரியிலும் எழுதுங்கள். வரைவில் டொராண்டோ 9.00, சிங்கப்பூர் 9.00 என்று அடுத்தடுத்து இருக்கிறது. ஒன்று காலை, மற்றொன்று இரவு. இரண்டு எண்களும் ஒன்றாக இருப்பதைப் பார்த்தவர், இரண்டுமே இரவு என்று நினைப்பதில் வியப்பில்லை.

அறிகுறி 3: நாளே மாறிவிடுகிறது

சிட்னியிலிருந்து வரும் கேள்வி: "சனிக்கிழமை இரவு 12 மணி என்றால் வெள்ளி இரவு முடிந்தா, சனி இரவு முடிந்தா?" கடிகாரக் கணக்கில் அது ஞாயிறு, நவம்பர் 1-ஆம் தேதியின் 00.00 மணி. பேச்சு வழக்கிலோ நாம் அதைச் சனிக்கிழமை இரவு என்கிறோம். நாள்காட்டியில் "சனி 12.00" என்று குறித்துக்கொண்டவர் ஒரு நாள் முன்பே விழித்திருப்பார்.

நள்ளிரவைத் தவிர்க்க முடியுமா என்று முதலில் நடத்துபவரிடம் கேளுங்கள். சென்னை நேரத்தை மாலை 5.30-க்கு நகர்த்தினால் சிட்னியில் இரவு 11.00, ஆனால் டொராண்டோவில் முதல் அமர்வு காலை 8.00, இரண்டாவது 7.00 ஆகிவிடும். சனிக்கிழமை காலை ஏழு மணி பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு எளிதல்ல. எந்தப் பக்கம் பங்கேற்பாளர் அதிகம் என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும். 6.30-தான் என்று முடிவானால், சிட்னி வரியை இரண்டு கிழமையும் தெரியும்படி எழுதுங்கள்: "சிட்னி: சனி இரவு முடிந்து ஞாயிறு (நவம்பர் 1) தொடங்கும் நள்ளிரவு 12.00". நீளம்தான், ஆனால் ஒருவரும் தவறாகப் படிக்க முடியாது. பதிவு செய்த காணொளி கிடைக்கும் என்றால் அதையும் அந்த வரிக்குப் பக்கத்திலேயே சொல்லுங்கள். அதை அதிகம் தேடுபவர் அவர்தான்.

தேதி எழுதும் முறையும் நாளை மாற்றிவிடும். 31/10/2026 என்பதில் குழப்பம் வர வழியில்லை, முப்பத்தொன்றாம் மாதம் கிடையாது. ஆனால் 07/11/2026 என்பதை அமெரிக்காவில் பழகியவர் ஜூலை 11 என்று படிப்பார். கனடாவில் இரண்டு முறைகளும் புழக்கத்தில் உள்ளன. மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதி, கிழமையையும் சேர்த்துவிடுங்கள். தேதியும் கிழமையும் பொருந்தாவிட்டால் படிப்பவரே பிழையைக் கண்டுபிடித்துச் சொல்லிவிடுவார். கிழமை சேர்ப்பதில் உள்ள பெரிய நன்மை அதுதான்.

கிழமையைச் சேர்க்கும்போது இன்னொன்றும் கண்ணில் படுகிறது. 2026-இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. இரண்டாம் அமர்வு அதற்கு முந்தைய மாலை. பலகாரமும் பயணமுமாக இருக்கும் நேரத்தில் யாரும் கைபேசியோடு உட்கார மாட்டார்கள். இதை நடத்துபவருக்கு எடுத்துச் சொல்வதும் திருத்துபவரின் வேலைதான். நம் எடுத்துக்காட்டில் அமர்வு நவம்பர் 14, சனிக்கிழமைக்கு மாற்றப்படுகிறது.

"வரும் சனிக்கிழமை", "நாளை மாலை" போன்ற சொற்களை அழைப்பிதழில் முழுவதும் நீக்குங்கள். வாட்ஸ்அப்பில் ஐந்தாறு குழுக்களைத் தாண்டிப் போகும் செய்தி எந்த நாளில் படிக்கப்படும் என்பது யாருக்கும் தெரியாது. நினைவூட்டல் செய்திக்கும் இது பொருந்தும். "இன்று மாலை சந்திப்போம்" என்பது டொராண்டோவில் காலை உணவு நேரத்தில் போய்ச் சேரும். "இன்னும் ஒரு மணி நேரத்தில் தொடங்குகிறது" என்று எழுதினால் எல்லா ஊருக்கும் சரி.

அறிகுறி 4: அழைப்பிதழில் நேரம் சரி, நாள்காட்டியில் தவறு

லண்டனிலிருந்து ஒருவர் எழுதுகிறார்: "நீங்கள் பிற்பகல் 1.00 என்கிறீர்கள். இணைப்பைத் தட்டினால் என் நாள்காட்டியில் மாலை 6.30 என்று ஏறுகிறது." டொராண்டோவிலும் 6.30, சிங்கப்பூரிலும் 6.30 என்றால் காரணம் உறுதி. அழைப்போடு இணைத்த `.ics` கோப்பில் நேரம் மட்டும் இருக்கிறது, அது எந்த ஊர் நேரம் என்பது இல்லை. கோப்பைச் சாதாரண உரைத் திருத்தியில் திறந்து இந்த வரியைத் தேடுங்கள்:

```
DTSTART:20261031T183000
```

இப்படி வெறுமனே இருந்தால், திறக்கும் இடத்தின் நேரமாகவே நாள்காட்டி அதை எடுத்துக்கொள்ளும். ஒவ்வோர் ஊரிலும் 6.30 காட்டுவது இதனால்தான். நேரத்தை உலகப் பொது நேரத்துக்கு மாற்றி, கடைசியில் `Z` சேர்த்தால் சரியாகிவிடும்:

```
DTSTART:20261031T130000Z
DTEND:20261031T141500Z
```

கடைசியில் உள்ள அந்த ஓர் எழுத்துதான் "இது உலகப் பொது நேரம்" என்று நாள்காட்டிக்குச் சொல்கிறது. அதன்பின் ஒவ்வொரு கைபேசியும் தன் ஊர் நேரத்துக்குத் தானே மாற்றிக்கொள்ளும். இரண்டாம் அமர்வுக்குத் தேதியை மட்டும் `20261114` என்று மாற்றுங்கள். இந்தியா கடிகாரத்தை மாற்றாததால் 13.00 அப்படியே நிற்கும். டொராண்டோ நேரத்தை அடிப்படையாக வைத்திருந்தால் இரண்டாவது அமர்வுக்கு 14.00 என்று எழுத வேண்டியிருக்கும்.

இன்னொரு வகைப் பிழையும் உண்டு. கோப்பு சரியாக இருக்கும். ஆனால் கருத்தரங்கு மென்பொருள் தானாக அனுப்பும் உறுதி மின்னஞ்சலில் வேறு ஊரின் நேரம் இருக்கும். மென்பொருள் கணக்கைத் தொடங்கியவர் வேறு நாட்டில் இருந்து, அவருடைய நேர மண்டலமே அமைப்பில் தங்கிவிட்டதால் இது நேர்கிறது. கணக்கின் அமைப்பிலும், அந்தக் குறிப்பிட்ட நிகழ்ச்சியின் அமைப்பிலும் நேர மண்டலத்தைத் தனித்தனியாகப் பாருங்கள்.

சரிபார்க்கும் வழி எளிது. உங்கள் கைபேசியின் நேர மண்டலத்தைத் தற்காலிகமாக டொராண்டோவுக்கு மாற்றி, கோப்பைத் திறந்து பாருங்கள். அக்டோபர் 31-க்குக் காலை 9.00, நவம்பர் 14-க்குக் காலை 8.00 காட்ட வேண்டும். பிறகு சிட்னிக்கு மாற்றி, ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் விழுகிறதா என்று பாருங்கள். முடிந்ததும் மறக்காமல் பழைய அமைப்புக்குத் திரும்புங்கள்.

அறிகுறி 5: "இது மரபணுப் பரிசோதனை பற்றியதா?"

தலைப்பு பழுது என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி இல்லை. "வேர்களைத் தேடி" என்பதைப் பார்த்து ஒருவர் குடும்ப மர வரைபடம் என்று நினைக்கிறார், ஒருவர் மரபணுப் பரிசோதனை என்கிறார், இன்னொருவர் ஓலைச்சுவடிப் பயிற்சியா என்று கேட்கிறார். வருபவர்களில் பாதிப்பேர் தவறான ஆவலோடு வருவார்கள். அம்மாவின் கடிதங்களைத் தகரப் பெட்டியில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் இருப்பவரோ, இது தமக்கானது என்றே அறியாமல் போய்விடுவார். அந்த இழப்பு உங்களுக்குத் தெரியவே தெரியாது. அவர் கேள்வியும் கேட்க மாட்டார்.

தலைப்பில் மூன்று சொற்களைத் தேடுங்கள்: எந்தப் பொருள், என்ன செயல், எந்தக் கருவி. வரைவில் மூன்றுமே இல்லை. நினைவு, மரபு, யுகம், வேர் எல்லாம் எந்த நிகழ்ச்சிக்கும் பொருந்தும். திருத்தினால் இப்படி வரும்: "பழைய கடிதங்களையும் படங்களையும் கைபேசியிலேயே ஸ்கேன் செய்து பாதுகாப்பது எப்படி?" நடத்துபவருக்குப் பழைய தலைப்பின் மீது பற்று இருக்கும். அதை முழுதும் வெட்ட வேண்டியதில்லை. புதிய தலைப்புக்குக் கீழே துணைத் தலைப்பாக வைக்கலாம். வரிசை மட்டும் மாறக்கூடாது. மின்னஞ்சலின் பொருள் வரி கைபேசியில் பாதியிலேயே வெட்டப்படும்; முதலில் நிற்கும் சொற்கள் "பழைய கடிதங்கள்" என்று இருந்தால் வெட்டுப்பட்டாலும் பொருள் தங்கும். "உலகெங்கும் வாழும் தமிழ்ச் சொந்தங்களே" என்று தொடங்கினால் வெட்டுக்கு முன் எதுவும் சொல்லியிருக்க மாட்டோம்.

யாருக்கானது, எந்த மொழியில் என்பதை அடுத்த வரியில் சொல்லுங்கள். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தமிழில் நடக்கும் அமர்வு புரியுமா என்ற தயக்கம் பெற்றோரிடம் உண்டு. "விளக்கம் தமிழில், கேள்விகளை ஆங்கிலத்திலும் கேட்கலாம்" என்ற ஒரு வரி அந்தத் தயக்கத்தை நீக்கிவிடும்.

அறிகுறி 6: "வந்தால் எனக்கு என்ன கிடைக்கும்?"

இந்தக் கேள்வி நேராகவும் வரும், மறைமுகமாகவும் வரும். பதிவு செய்துவிட்டு வராமல் இருப்பதும் முதல் இருபது நிமிடத்தில் வெளியேறுவதும் இதே கேள்வியாக இருக்கலாம். இரவு ஒன்பது மணிக்கோ நள்ளிரவிலோ திரை முன் உட்காரச் சொல்கிறோம். எதற்காக என்பதை அவர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

வரைவின் பயன் வரியில் "விழிப்புணர்வு", "பயனுள்ள தகவல்கள்" என்ற சொற்கள்தான் உள்ளன. இவற்றை வெளியே எடுத்துக் காட்ட முடியாது. திருத்தும்போது நடத்துபவரைத் தொலைபேசியில் பிடித்து ஒரே கேள்வி கேளுங்கள்: "ஒன்றேகால் மணி நேரம் முடிந்ததும், பங்கேற்றவர் தம் கையில் எதைக் காட்ட முடியும்?" முதலில் பொதுவாகச் சொல்வார். விடாமல் கேட்டால் இப்படி வரும்: வெயில் நேராக விழாத ஜன்னல் ஓரத்தில், ஃபிளாஷ் இல்லாமல், நேர் மேலிருந்து ஒரு கடிதத்தைப் படமெடுக்கச் சொல்லித் தருவேன். இரண்டு பக்கமும், உறையும் சேர்த்து எடுக்க வேண்டும், ஏனென்றால் கடிதத்தில் தேதி இல்லாவிட்டாலும் அஞ்சல் முத்திரையில் இருக்கலாம். பிறகு தேடினால் கிடைக்கிற மாதிரி கோப்புக்குப் பெயர் வைப்போம். ஒரு படியை வேறு இடத்தில் சேமிப்போம்.

பயன் என்றால் இதுதான். அழைப்பிதழில் இதை மூன்று செயல்களாகச் சுருக்கலாம்: முழுக் கடிதம் ஒன்றை ஸ்கேன் செய்திருப்பீர்கள், அதற்குத் தேதியோடு பெயர் வைத்திருப்பீர்கள், இரண்டாவது படி ஒன்றை வேறிடத்தில் சேமித்திருப்பீர்கள். கோப்புப் பெயருக்கு ஒரு மாதிரியையும் காட்டிவிட்டால் அமர்வின் தரமே அதில் தெரியும்:

```
1974-03-12_kaditham_pakkam1.jpg
```

ஆண்டு முதலில் வருவதால் கோப்புகள் தாமாகவே கால வரிசையில் நிற்கும்; நாளா மாதமா என்ற முன்சொன்ன குழப்பமும் இராது.

பயனுக்கு எல்லை உண்டு என்றால் அதையும் சொல்லுங்கள். ஆவணங்களைக் காப்பகத்தில் ஒப்படைப்பது பற்றி இரண்டாம் அமர்வில் பேசப் போகிறார்கள். ஆனால் நடத்துபவருக்குத் தெரிந்தது தமிழ்நாட்டு நடைமுறை மட்டும். அப்படியானால் "காப்பகங்கள் பற்றிய பகுதி தமிழ்நாட்டைப் பற்றியது, ஸ்கேன், சேமிப்புப் பகுதிகள் எந்த நாட்டிலும் பொருந்தும்" என்று எழுதுங்கள். மெல்பர்னில் இருப்பவர் இதைப் படித்துவிட்டு வந்தால் ஏமாற மாட்டார், வராவிட்டாலும் மனத்தாங்கல் இராது.

கட்டணத்துக்கும் அதே கவனம் வேண்டும். "ரூ. 200" என்றால் இந்திய ரூபாயா, இலங்கை ரூபாயா? மதிப்பு வெகுவாக வேறுபடும். டாலர் என்றாலும் சிங்கப்பூர், கனடா, ஆஸ்திரேலியா எல்லாவற்றிலும் டாலர்தான். நாட்டின் பெயரோடு எழுதுங்கள்.

எல்லாத் திருத்தங்களும் சேர்ந்த பிறகு அழைப்பிதழ் இப்படி இருக்கும்:

> பழைய கடிதங்களையும் படங்களையும் கைபேசியிலேயே ஸ்கேன் செய்து பாதுகாப்பது எப்படி?
>
> வீட்டில் பழைய கடிதம், படம் வைத்திருக்கும் எவருக்கும். முன் அனுபவம் தேவையில்லை. விளக்கம் தமிழில்; கேள்விகளை ஆங்கிலத்திலும் கேட்கலாம்.
>
> முதல் அமர்வு முடியும்போது ஒரு முழுக் கடிதத்தை ஸ்கேன் செய்து, தேதியோடு பெயரிட்டு, இரண்டு இடங்களில் சேமித்திருப்பீர்கள். ஒரு கடிதத்தையும் அதன் உறையையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் அமர்வு: படங்களும் காப்பகங்களும் (காப்பகப் பகுதி தமிழ்நாட்டைப் பற்றியது).
>
> அமர்வு 1: 2026 அக்டோபர் 31, சனிக்கிழமை (75 நிமிடம்)
> சென்னை, யாழ்ப்பாணம்: மாலை 6.30
> சிங்கப்பூர், கோலாலம்பூர்: இரவு 9.00
> லண்டன்: பிற்பகல் 1.00
> டொராண்டோ: காலை 9.00
> சிட்னி: சனி இரவு முடிந்து ஞாயிறு (நவம்பர் 1) தொடங்கும் நள்ளிரவு 12.00
> மற்ற ஊர்கள்: `13:00 UTC`
>
> அமர்வு 2: 2026 நவம்பர் 14, சனிக்கிழமை (75 நிமிடம்)
> டொராண்டோவில் மட்டும் நேரம் மாறுகிறது: காலை 8.00. மற்ற ஊர்களில் முதல் அமர்வின் நேரமே. சிட்னியில் ஞாயிறு (நவம்பர் 15) தொடங்கும் நள்ளிரவு.
>
> காணொளிப் பதிவு, பதிவு செய்த அனைவருக்கும் அனுப்பப்படும். கட்டணம்: 200 இந்திய ரூபாய்.

நேர வரிகளை ஊர் வாரியாகத் தனித்தனி வரியில் வைத்திருப்பதைக் கவனியுங்கள். ஒரே வரியில் சாய்கோடு போட்டு அடுக்கினால் கைபேசித் திரையில் வரி மடங்கி, ஓர் ஊரின் பெயரும் அடுத்த ஊரின் நேரமும் ஒட்டிக்கொள்ளும்.

அறிகுறி 7: திருத்தி அனுப்பிய பிறகும் பழைய தேதியே சுற்றுகிறது

நவம்பர் 7 என்ற பழைய அழைப்பு படமாக வாட்ஸ்அப்பில் பலர் கை மாறிப் போய்விட்டது என்றால் அதை முழுதும் திரும்பப் பெற வழியில்லை. புதிய படத்தை அதே நிறத்தில், அதே அமைப்பில் வெளியிட்டால் முன்பே பார்த்ததுதான் என்று கடந்துவிடுவார்கள். பின்னணி நிறத்தை மாற்றுங்கள். மேலே "திருத்திய அழைப்பு: இரண்டாம் அமர்வு நவம்பர் 7-இல் இல்லை, நவம்பர் 14-இல்" என்று மாறியதை மட்டும் பெரிதாக எழுதுங்கள். படத்தோடு அதே விவரத்தை எழுத்தாகவும் அனுப்புங்கள். படத்துக்குள் இருக்கும் இணைப்பைத் தட்ட முடியாது.

பதிவுப் பக்கத்தின் முகவரியை மாற்றாதீர்கள். பழைய படத்தைப் பார்த்து வருபவரும் அதே பக்கத்துக்குத்தான் வருவார். அங்கே புதிய தேதி இருந்தால் பழைய படத்தால் கெடுதல் இல்லை. புதிய முகவரி தொடங்கினால் பழையதில் பதிந்தவர்கள் தனிப் பட்டியலாகத் தொங்கிவிடுவார்கள்.

நாள்காட்டிக் கோப்பைத் திருத்தும்போது `UID` வரியை அப்படியே விட்டுவிட்டு, `SEQUENCE` எண்ணை மட்டும் ஒன்று கூட்டுங்கள். அடையாளம் மாறாமல் இருந்தால்தான் இது அதே நிகழ்ச்சியின் புதிய வடிவம் என்று நாள்காட்டி அறியும். புதிய `UID` கொடுத்தால் 7-ஆம் தேதியிலும் 14-ஆம் தேதியிலும் இரண்டு பதிவுகள் நிற்கும். கோப்பை ஒருமுறை இறக்கிக் கையால் சேர்த்துக்கொண்டவருக்கு இந்த மாற்றம் தானாகப் போய்ச் சேராது. ஆகவே திருத்த மின்னஞ்சலில் "நவம்பர் 7-ஆம் தேதிப் பதிவை உங்கள் நாள்காட்டியிலிருந்து நீக்கிவிடுங்கள், இணைத்துள்ள கோப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று நேராகக் கேட்டுக்கொள்ளுங்கள். நவம்பர் 6-ஆம் தேதி அதே வேண்டுகோளை இன்னொரு முறை அனுப்புங்கள்.